பச்சைக்குப் போன ஜெயமணி

"கறுப்புக் கண்ணாடி போட்ட காரு, பாட்டி. நானே என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பேக்கத் தூக்கிக்கிட்டு ஏறிப் போயிட்டாங்க. தீபாவளி வர்ற நேரத்துல, டயாலிசிஸ் மெஷினுக்குப் போற புருஷனை வீட்டுல போட்டுட்டு, வயலு பார்க்கவாம் வயலு!"

அனுசியா இதைச் சொன்னது மலாக்கா பக்கம் டுரியான் துங்கால் பசாரில், மீன்காரன் முன்னால், நாலு பேர் காதில் விழும்படி.

"நிறுத்துடி" என்றேன். "அந்தக் காரு யாரோட காரு தெரியுமா? ஜெயமணி புருஷன் சேகரனோட சொந்தத் தங்கச்சி பவானேஸ்வரி காரு. மஸ்ஜித் தானாவுல இருந்து காலையில வந்துச்சு. கண்ணாடி கறுப்பா இருந்தா உள்ள கள்ளப் புருஷனா இருப்பான்? வெயிலு லா, வெயிலு."

"அப்ப இந்த நேரத்துல வயலு எதுக்காம்? போன தடவ நம்மளக் கூட்டிப்போய்க் காட்டினாங்களே, அந்தச் சேறு போதாதா?"

மீன்காரன்கூடச் சிரித்துவிட்டான். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. என் கெம்போங் மீனை அப்படியே தராசில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்தத் தாமான் குடியிருப்பில் ஜெயமணியைப் பற்றி யார் என்ன பேசினாலும், அந்தச் சேற்றில் வந்துதான் முடிகிறது. அதனால் அந்தச் சேற்றிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஜெயமணி எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர்தான். அவள் வீட்டில் கடுகு பொரிந்தால் எனக்குத் தும்மல் வரும். செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பிறகு பல்கலைக்கழகக் கேன்டீனில் சமையல் வேலை. கணவன் சேகரன் தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். அவனுக்குத் தெரியாத சாலை கிடையாது, தெரியாத விஷயமும் கிடையாது. அப்படித்தான் அவன் நினைப்பு.

பொங்கல் வந்தால் ஜெயமணி வாசலில் நெற்கதிர்க் கோலம் போடுவாள். கதிர் ஒவ்வொன்றும் தலைசாய்ந்து நிற்கும். மஞ்சள் பொடியைக் கிள்ளிக் கிள்ளி வைப்பாள். ஒரு வருஷம் நான் சும்மா கேட்டேன், "ஏண்டி, இவ்வளவு அழகா வளைக்கிறியே, நெல்லு வயலைப் பார்த்திருக்கியா?"

"எங்க பெரியம்மா பார்த்தேன்? காலண்டர்ல பார்த்தேன்" என்றாள். "மூட்டை மூட்டையா அரிசி ஆக்கிக் கொட்டியிருக்கேன். அது எப்படி நிக்கும்னு ஒரு தடவகூடப் பார்த்தது இல்ல."

அதிலிருந்து வந்ததுதான் அந்த பஸ் பயணம். வடக்கே, கடலோரத்தில் நெல் விளையும் செகிஞ்சானுக்குப் போய் வயலைப் பார்த்து, கடல் மீன் சாப்பிட்டு, இரவே திரும்பிவிடலாம் என்று அவள்தான் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். எந்த மாதம் போவது என்ற பேச்சு அவள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. நானும் இருந்தேன். அனுசியாவும் இருந்தாள், இப்போது மறந்திருப்பாள்.

"அங்க யாருக்காவது போன் போட்டுக் கேட்டுட்டுப் போவோமா?" என்றாள் ஜெயமணி.

சேகரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "இதுக்கு ஏன் போனு? பொங்கல்னா என்ன? அறுப்பு. தை மாசம் நெல்லு மஞ்சளாத் தகதகன்னு நிக்கும். பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம பஸ்ஸ எடு. தமிழனாப் பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா?"

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நாங்கள் எல்லாருமே தமிழராய்ப் பிறந்தவர்கள்தானே. நான்கூட ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே பஸ் கிளம்பியது. ஜெயமணி ஒரு பெரிய எவர்சில்வர் வாளி நிறைய சர்க்கரைப் பொங்கல் செய்து எடுத்து வந்தாள். கதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பட்டுச்சேலை வேறு கட்டியிருந்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, செம்பனை மரங்கள் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

முடிந்தது. இறங்கினோம். கண்ணுக்கு எட்டியவரை சேறு.

அறுப்பு முடிந்து பல நாள் ஆகியிருந்தது. ஒரு பக்கம் அடிக்கட்டை, வைக்கோல் எரிந்த கரி. இன்னொரு பக்கம் டிராக்டர் உழுது போட்ட களி. சில வயல்களில் தண்ணீர் நின்றது. கொக்குகள் மட்டும் எங்களை எதிர்பார்த்த மாதிரி வரிசையாக நின்றன.

"ஜெயமணி அக்கா, சேறு ரொம்ப நல்லா இருக்கு லா. ரெண்டு செல்பி எடுத்துக்கவா?" இது அனுசியா. பஸ்ஸே சிரித்தது. பின்னால் யாரோ, "பொங்கலுக்கு நெய்தான் ஊத்துவாங்க, இவங்க களிமண்ணு ஊத்துறாங்க" என்றார்கள். ஒரு பிள்ளை சேற்றில் விழுந்து அழுதது. அதற்கும் ஜெயமணிதான் காரணம்.

நான் சேகரனைப் பார்த்தேன். அவன் பஸ் டயரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான்தான் இந்த மாசத்தைச் சொன்னேன் என்று. சொல்லவில்லை. அவளாவது சொல்லியிருக்கலாம். அவளும் சொல்லவில்லை. "ஆமா, நான் கேட்டுட்டு வந்திருக்கணும், என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் பொங்கலைப் பரிமாறினாள். நாங்கள் மாம்பழமும் இறால் கெரோப்போக் அப்பளமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். இதுதான் அந்தச் சேறு. இதற்குத்தான் இன்றுவரை அவள் ஏச்சு வாங்குகிறாள்.

திரும்பி வந்த வாரமே சேகரன் கால் இரண்டும் வீங்கிப்போனது. மூச்சு வாங்கியது. சர்க்கரை அவன் சிறுநீரகத்தை எப்போதோ தின்றிருந்தது. ஆஸ்பத்திரியில், இனி வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. ஜெயமணி கேன்டீன் வேலையை விட்டாள். தண்ணீரை அளந்து கொடுப்பாள். கீரையையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பாள். அவன் புளிமாங்காய்த் தண்ணீர் கேட்டுச் சிறுபிள்ளை மாதிரி அடம்பிடிப்பான், இவள் அதட்டுவாள். எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

வயலைப் பற்றி அவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. திறந்தது அவன்.

மெஷினில் படுத்தால் நாலு மணி நேரம் ஒரு கையை அசைக்கக்கூடாது. மற்றவர்கள் தூங்குவார்கள், படம் பார்ப்பார்கள். இவன் இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு செகிஞ்சானில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு சீனப் பெண்மணியைத் தேடிப் பிடித்தான். மிஸிஸ் டான். அவர் கணவருக்குச் சொந்தமாக வயலும் இருந்தது. மலாயில் பேசினார்கள். ஜனவரியில் வந்து ஏமாந்ததைச் சொன்னதும் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாராம். "ஜனவரியில மஞ்சள் கேட்டு வர்றவங்க எல்லாரும் இந்தியர்தான். ஏன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது" என்றாராம்.

தை அறுப்பு நம் தாத்தாமார் விட்டுவிட்டு வந்த வயலுக்கு. அந்த மழை வேறு, அந்த ஆறு வேறு. செகிஞ்சான் வயலுக்குப் பொங்கல் என்று யார் போய்ச் சொன்னது? அங்கே வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து விடுகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு போகம். மிஸிஸ் டான் சொன்னதைச் சேகரன் எனக்கு அப்படியே ஒப்பித்தான். மார்ச் கடைசியும் ஏப்ரலும் பச்சை. மே கடைசியும் ஜூனும் மஞ்சள். பிறகு அறுத்து, உழுது, தண்ணீர் கட்டுவார்கள். அப்போது வயல் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும், அதுவும் ஓர் அழகுதான், ஆனால் நெல் இருக்காது. மறுபடி செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுக்கப் பச்சை, நவம்பர் கடைசி, டிசம்பரில் மஞ்சள். இதுவும் கல்லில் எழுதினது இல்லை. மழை பிந்தினால், தண்ணீர் பிந்தினால், எல்லாம் பிந்தும். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்குமே வித்தியாசம் இருக்கும். இணையத்தில் இருக்கும் படத்தை நம்பாதே, அது எந்த வருஷத்துப் படமோ. வருவதற்கு முன்னால் எனக்குப் போன் போடு, நான் ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன். இதுதான் அந்த அம்மாள் சொன்னது.

"பெரியம்மா, அவகிட்டச் சொல்லாதீங்க" என்றான் சேகரன். "ஜூன்ல மஞ்சளாகும். அவளை அனுப்பப் போறேன். ஞாயிறு போய்த் திங்கள் வந்துரலாம். எனக்கு ரெண்டு நாள் மெஷின் இல்ல. ராகினி வந்து பார்த்துக்கும்."

ராகினி அவன் மகள், மலாக்கா டவுனில் ஆபீஸ் வேலை.

"நீயும் கூடப் போறதுதானே?" என்றேன்.

"அவ்வளவு நேரம் உட்கார முடியல. நானும் போனா அவ வயலையா பார்ப்பா? என் காலைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பா."

அது உண்மைதான்.

மே மாதக் கடைசியில் மிஸிஸ் டான் சொன்னார், ஓரத்தில் மஞ்சள் தட்டிவிட்டது, இன்னும் பத்து நாளில் முழுக்க மஞ்சள். பிறகு வயலில் தண்ணீரை வடித்துவிடுவார்கள், அறுக்கும் மெஷின் வரும், வந்தால் காலையில் நின்ற வயல் மத்தியானம் இருக்காது. சேகரன் ஒரு ஞாயிறைக் குறித்து அறை சொல்லி வைத்தான். ஜெயமணியிடமும் சொன்னான். அவள் முதலில் மாட்டேன் என்றாள், பிறகு சரி என்றாள், பிறகு என் வீட்டுக்கு வந்து, "எந்தச் சேலை பெரியம்மா கட்டுறது?" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை சேகரனுக்கு மெஷினிலேயே குளிர்க் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் ஜெயமணி அங்கே நாற்காலியில் படுத்தாள். அவன் வீடு வந்ததும் முதல் வேலையாக மிஸிஸ் டானுக்குப் போன் போட்டான். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அந்த அம்மாள் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"வெட்டிட்டாங்களாம்" என்றான்.

"போனாப் போகுது, நெல்லு வெட்டத்தானே வளர்க்குறாங்க?" என்றாள் ஜெயமணி அடுப்படியிலிருந்து.

அதற்கு அவன் அழுதான். ஆண்பிள்ளை அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. "பஸ்ஸுல எல்லாரும் உன்ன ஏசுனாங்களே, அப்ப நான் வாயத் தொறந்தேனா?" என்றான். "நீயும் என்னக் காட்டிக் குடுக்கலையே, ஜெயா."

"அன்னிக்கே உங்களுக்குக் கால் வீங்கியிருந்துச்சு" என்றாள் அவள். "அந்தக் கும்பல்ல உங்கள மாட்டிவிட்டா நீங்க தாங்குவீங்களா? என்னைத் திட்டினா எனக்கு உறைக்காது. கேன்டீன்ல வாங்காத திட்டா?"

நான் கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் சேகரன் விடவில்லை. டிசம்பர், டிசம்பர் என்று ஆரம்பித்தான். மஞ்சளை அவளுக்குக் காட்டியே தீரவேண்டும், கோலத்தில் போடுகிற மாதிரி தலைசாய்ந்த கதிராக. மெஷினில் படுத்தபடியே மிஸிஸ் டானைத் தொல்லை பண்ணினான். அந்த அம்மாளுக்குப் பொறுமை அதிகம். இன்று உழுதார்கள், இன்று தண்ணீர் வந்தது, இன்று விதைத்தார்கள் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நவராத்திரி சமயத்தில் ஒரு மாலை, ஜெயமணி என் வீட்டுப் படியில் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள். சேகரன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "டிசம்பர் ரெண்டாவது ஞாயிறு சொல்லிரவா?" என்றான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மஞ்சள் எத்தன நாளுக்கு இருக்கும்?"

"ரெண்டு வாரம். மிஞ்சினாக் கொஞ்சம் கூட."

"பச்சை?"

"அது இருக்கும் ஒரு மாசத்துக்கு மேல. ஆனா பச்சையில என்ன இருக்கு? புல்லு மாதிரி இருக்கும். கதிரு வேணாமா?"

"கேளுங்க" என்றாள் அவள். "மஞ்சளுக்குன்னா ஒரு ஞாயிறோ ரெண்டு ஞாயிறோதான். அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல் வரக்கூடாது, ரத்த அழுத்தம் ஏறக்கூடாது, ராகினிக்கு வேலை வரக்கூடாது, மழை பெய்யக்கூடாது. நான் வயலைப் பார்க்கணுமா, இல்ல தினம் உங்க மூஞ்சியப் பார்த்துப் பயந்துக்கிட்டே காத்திருக்கணுமா? பச்சைன்னா காத்திருக்கும். இந்த ஞாயிறு முடியலையா, அடுத்த ஞாயிறு. அதுவும் முடியலையா, அதுக்கடுத்தது. சனிக்கிழம நீங்க மெஷின்ல இருந்து எழுந்து வர்ற நடையப் பார்த்து நான் முடிவு பண்ணிக்குவேன். நம்ம வீட்டுக்குப் பச்சைதான் தோது."

சேகரன் வேலியைப் பிடித்துக்கொண்டு அவளை எட்டிப் பார்த்தான்.

"நீ மஞ்சள்தானே ஆசப்பட்ட?"

"நெல்லு நிக்கிறதப் பார்க்கணும்னு ஆசப்பட்டேன். நிக்கிறதுக்கு என்ன கலரு?"

பவானேஸ்வரிக்குப் போன் போனது. "அண்ணி, எப்பச் சொன்னாலும் வர்றேன், முதல் நாள் ராத்திரி சொன்னாப் போதும்" என்று அவள் சொன்னாள். மிஸிஸ் டானும், பள்ளி விடுமுறை இல்லாததால் அறை காலியாகத்தான் இருக்கும், கிளம்பும்போது சொன்னால் போதும் என்றார்.

அக்டோபர் முதல் ஞாயிறு சேகரனுக்குத் தலைசுற்றல். ஜெயமணி போகவில்லை. முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. மிஸிஸ் டான், முழங்கால் உயரம் வந்துவிட்டது, காற்று அடித்தால் கடல் மாதிரி புரள்கிறது என்றார். இரண்டாவது ஞாயிறுக்கு முதல் நாள் சனிக்கிழமை அவன் மெஷினிலிருந்து வந்து, காரிலிருந்து இறங்கி, ஒருவரையும் பிடிக்காமல் கேட்டைத் தாண்டி நடந்தான். ஜெயமணி வாசலில் நின்று அந்த நடையைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பவானேஸ்வரிக்குப் போன் போட்டாள்.

தீபாவளிப் பலகாரம் பாதியில் இருந்தது. முறுக்கு மாவு என் தலையில் விழுந்தது. விழட்டுமே, எனக்கு முறுக்கு சுடத் தெரியாதா?

மறுநாள் காலை அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கார் வந்து நின்றது. ஜெயமணி பட்டுச்சேலை கட்டவில்லை. பருத்திச் சுடிதார், காலில் ரப்பர் செருப்பு. வரப்பில் நடக்கவேண்டுமாம். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தாள், திரும்பி உள்ளே போனாள்.

"ராகினி, தண்ணிக் கப்புல கோடு போட்டிருக்கேன், அதுக்கு மேல ஒரு சொட்டு குடுக்காத. வெயில்னு சொல்லி ஐஸ் கேப்பாரு. ஐஸும் தண்ணிதான்."

"தெரியும்மா, போங்கம்மா."

"நட்சத்திரப் பழம் யாராச்சும் குடுத்தா வாங்கிராத. அது அவருக்கு விஷம்."

"அம்மா, யாரும்மா நட்சத்திரப் பழம் குடுப்பா?"

"பெரியம்மா குடுப்பாங்க, அவங்க வீட்டுல மரம் இருக்கு" என்றாள் என்னைப் பார்த்து. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு அவளை யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது.

மறுபடி வாசல் வரை வந்தாள். மறுபடி நின்றாள். சேகரனின் கையில் மெஷினுக்காக ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ரத்தம் ஓடுகிற அதிர்வு விரலுக்குத் தெரியவேண்டும். அதை அவள் தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பாள்.

"ஓடுது" என்றான் சேகரன். "நல்லாவே ஓடுது. நீ ஓடு."

"வீடியோ கால் போடவா? அங்க நின்னு உங்களுக்குக் காட்டுறேன்."

"போடாத. போட்டா நீ போனத்தான் பார்ப்ப, வயலைப் பார்க்க மாட்ட. நல்லாப் பார்த்துட்டு வந்து வாயால சொல்லு. எனக்கு மெஷின்ல நாலு மணி நேரம் கதை சொல்ல ஆளு வேணும்."

"எனக்கு அவ்வளவு பேச வராது."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் பெரியம்மாகிட்ட கேட்டுப் பாரு, வருமா வராதான்னு."

பவானேஸ்வரி ஹாரன் அடித்தாள். எதிர்வீட்டில் அனுசியாவின் ஜன்னல் திரை விலகியது. ஜெயமணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பையைத் தோளில் ஏற்றி, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை நிற்காமல் வாசலைத் தாண்டி நடந்தாள்.